உணவுக்குழாய் ரத்தக்கசிவு, பேண்டிங், மாத்திரை: திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

எண்டோஸ்கோபி பிரிவில் வேலை செய்கிறேன். கல்லீரல் தழும்பேறி இறுகும் சிரோசிஸ் நோயால் ஒருமுறை ரத்தவாந்தி எடுத்து, பிழைத்து, உணவுக்குழாயில் புடைத்த நாளங்களை ரப்பர் வளையத்தால் இறுக்கும் பேண்டிங் போட வருகிறவர்களின் வீட்டார் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். வராந்தாவில் நின்றுகொண்டு அவசரமாகச் சொல்வது மனதில் நிற்பதில்லை. அதனால் அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, பதிலையும் கொஞ்சம் பொறுமையாக எழுதியிருக்கிறேன். மாத்திரை அளவுகளைக் குறிப்பிட்டிருப்பது உங்கள் டாக்டர் என்ன செய்கிறார் என்று புரிவதற்காக மட்டும்தான். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

கெட்டுப்போனது கல்லீரல்னு சொல்றீங்க. ரத்தம் ஏன் உணவுக்குழாயில இருந்து வந்துச்சு?

குடல், இரைப்பை, மண்ணீரல் ஆகியவற்றிலிருந்து வரும் ரத்தம் நேராக இதயத்துக்குப் போவதில்லை. போர்ட்டல் சிரை என்ற பெரிய நாளத்தின் வழியாக முதலில் கல்லீரலுக்குள் போய், அதற்குப் பிறகுதான் இதயத்துக்குப் போகிறது. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் அளவுக்கு ரத்தம் இந்த வழியில் ஓடுகிறது. சிரோசிஸில் கல்லீரல் முழுக்கத் தழும்பேறி இறுகிப்போவதால் அவ்வளவு ரத்தமும் சுலபமாக உள்ளே போக முடியாது. பின்னால் அழுத்தம் ஏறுகிறது.

இரைப்பையின் மேல்பகுதியிலிருந்து உணவுக்குழாயின் சுவருக்குள்ளேயே ஏறிப் போகும் மெல்லிய நாளங்கள் எல்லோருக்கும் உண்டு. சாதாரணமாக அவற்றில் கொஞ்சம் ரத்தம்தான் ஓடும். கல்லீரல் வழி அடைபட்டதும் ரத்தம் இவற்றில் திரும்பி, அவை வீங்கிப் புடைக்கின்றன. உணவுக்குழாயின் கடைசி 5 சென்டிமீட்டரில் இந்த நாளங்கள் உள்தோலுக்கு மிக அருகில் ஓடுகின்றன, மேலே மூடியிருப்பது மெல்லிய சவ்வு மட்டும்தான். வெடிப்பது பெரும்பாலும் அங்கேதான்.

கல்லீரலுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வித்தியாசம் ஆரோக்கியமானவர்களுக்கு 5 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்கும். 10-ஐத் தொடும்போது நாளங்கள் புடைக்கத் தொடங்கும். 12-ஐத் தாண்டினால் வெடிக்கும் அபாயம் உண்டு. இந்த 12 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மாத்திரையைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

ஹீமோகுளோபின் 7தான் இருக்கு. ஏன் இன்னும் ரத்தம் ஏத்த மாட்டேங்கறாங்க?

இந்தக் கேள்வியில் வருத்தமும் கோபமும் சேர்ந்தே வரும், புரிகிறது. ஆனால் இந்த நோயில் ரத்தத்தை நிறைய ஏற்றினால் போர்ட்டல் அழுத்தமும் கூடவே ஏறி, நின்ற ரத்தக்கசிவு மறுபடி தொடங்கக்கூடும். அதனால் பொதுவாக 7-க்குக் கீழே இறங்கினால் ஏற்றி, 7-க்கும் 8-க்கும் இடையில் நிறுத்துவார்கள். இதயநோய் இருப்பவர்களுக்கும், ரத்தம் கொட்டிக்கொண்டே இருப்பவர்களுக்கும் கணக்கு வேறு.

ரத்தம் நின்னுடுச்சு, ஆளும் எழுந்து நடக்கிறார். இனிமே எதுக்கு இவ்வளவு சிகிச்சை?

வெடித்த ஒரு நாளம்தான் மூடியிருக்கிறது. பக்கத்தில் புடைத்திருக்கும் மற்ற நாளங்கள் அப்படியேதான் இருக்கின்றன, அழுத்தமும் குறையவில்லை. ஒருமுறை ரத்தம் வந்தவர்களுக்கு எந்தத் தடுப்புச் சிகிச்சையும் தராமல் விட்டால், ஓரிரு வருடங்களுக்குள் 100 பேரில் ஏறத்தாழ 60 பேருக்கு மறுபடியும் வருகிறது. முதல் ஆறு வாரம்தான் மிக ஆபத்தான காலம்.

இந்த நாளங்கள் வலிக்காது, முன்னறிவிப்பும் தராது. அதனால் உடம்பு எப்படி இருக்கிறது என்பதை வைத்து இதை எடைபோட முடியாது. எண்டோஸ்கோபியில் பார்த்தால்தான் தெரியும்.

பேண்டிங்னா ஆபரேஷனா? என்ன செய்வீங்க?

கத்தி வைப்பதில்லை. ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிற்றில் வரச் சொல்வோம். தொண்டையில் மரத்துப்போகும் மருந்து அடிப்போம், தேவைப்பட்டால் லேசான மயக்க ஊசியும் உண்டு. முதலில் சாதாரண எண்டோஸ்கோப்பை விட்டு எத்தனை நாளங்கள், எவ்வளவு பெரியவை, மேலே சிவப்புக் கோடுகளோ புள்ளிகளோ இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அந்தச் சிவப்புக் குறிகள் இருந்தால் சுவர் மெலிந்துவிட்டது, சீக்கிரம் வெடிக்கலாம் என்று அர்த்தம்.

பிறகு கருவியை வெளியே எடுத்து, நுனியில் கண்ணாடி போன்ற ஒரு சிறு மூடியை மாட்டுவோம். அதன் மேல் ஆறு, ஏழு சின்ன ரப்பர் வளையங்கள் இழுத்து மாட்டப்பட்டிருக்கும். மறுபடி உள்ளே போய், இரைப்பைக்குச் சற்று மேலே முதல் நாளத்தின் மீது மூடியை வைத்து உறிஞ்சுவார்கள். நாளம் மூடிக்குள் ஏறும்போது திரை முழுக்கச் சிவப்பாகிவிடும். அந்த நேரத்தில் கைப்பிடியில் இருக்கும் திருகைச் சுழற்றினால் ஒரு வளையம் நழுவி நாளத்தின் அடியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். உறிஞ்சுவதை நிறுத்தியதும் திரையில் நாவல்பழம் போல ஊதா நிறத்தில் ஒரு சின்ன உருண்டை தெரியும். இப்படியே சுற்றிச் சுற்றி மேல்நோக்கி வருவார்கள். இருபது நிமிடத்துக்குள் பெரும்பாலும் முடிந்துவிடும்.

அந்த ரப்பர் உள்ளயே தங்கிடுமா?

தங்காது. இறுக்கப்பட்ட பகுதிக்கு ரத்தம் போகாததால் அது செத்து, ஐந்து முதல் ஏழு நாட்களில் வளையத்தோடு சேர்ந்து உதிர்ந்து மலத்தோடு போய்விடும். உதிர்ந்த இடத்தில் ஆழமில்லாத ஒரு புண் இருக்கும். அது ஆறித் தழும்பாகும்போது நாளம் இருந்த வழியே மூடிக்கொள்கிறது. அந்தத் தழும்புதான் நமக்கு வேண்டியது.

முதல் ஓரிரு நாள் நெஞ்சுக்கூட்டுக்குப் பின்னால் வலியும், விழுங்கும்போது அடைப்பது போன்ற உணர்வும் இருக்கும். அன்றைக்கு முழுக்க ஆறிய கஞ்சி, மோர், இளநீர் போன்றவை போதும். அடுத்த ஒரு வாரம் குழைந்த சாதம், இட்லி, இடியாப்பம் என்று மெத்தென்ற சாப்பாடு. முறுக்கு, மொறுமொறு தோசை, முள் உள்ள மீன் வேண்டாம். புண் ஆறுவதற்காக பான்டோபிரசோல் மாத்திரையைச் சில நாட்களுக்குத் தருவார்கள். அது கொஞ்ச நாளைக்குத்தான். வேறு காரணம் இல்லாமல் வருடக்கணக்கில் தொடர்ந்தால் சிரோசிஸ் உள்ளவர்களுக்குக் கிருமித்தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. சீட்டில் அது தொடர்ந்துகொண்டே இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள்.

பேண்டிங் போட்டு பத்து நாள்ல மறுபடி ரத்தம் வந்துச்சு. சரியா போடலையா?

பெரும்பாலும் போட்ட விதத்தில் தவறு இருக்காது. முந்தைய பதிலில் சொன்ன புண்ணிலிருந்து ரத்தம் வந்திருக்கலாம். வளையம் உதிரும் நேரத்தில், அடியில் இருக்கும் நாளம் முழுதாக அடைபடாமல் இருந்தால் இப்படி ஆகும். கல்லீரல் மிகவும் பலவீனமாக இருப்பவர்களுக்கு இது நடக்கும் வாய்ப்பு அதிகம். இதுவும் உயிருக்கு ஆபத்தான ரத்தக்கசிவுதான், வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது.

அதனால்தான் பேண்டிங் முடிந்த இரண்டு வாரத்துக்கு வெளியூர்ப் பயணம் வேண்டாம் என்று சொல்கிறோம். அந்த இரண்டு வாரமும் இரவிலும் எண்டோஸ்கோபி செய்யும் மருத்துவமனைக்குச் சீக்கிரம் போய்ச் சேரும் தூரத்தில் இருப்பது நல்லது.

மொத்தம் எத்தனை தடவை போடணும்?

நாளங்கள் மறையும்வரை. பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நான்கு முறை ஆகும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு முதல் நான்கு வாரம் இடைவெளி. முந்தைய புண் ஆறாமல் அடுத்ததைப் போட்டால் ஆபத்து கூடும் என்பதால்தான் இந்த இடைவெளி.

நாளங்கள் மறைந்த பிறகும் கணக்கு முடிவதில்லை. மூன்று முதல் ஆறு மாதத்தில் ஒருமுறை பார்ப்போம், அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை. உள்ளே அழுத்தம் இருக்கும்வரை புது நாளங்கள் புடைத்துக்கொண்டே இருக்கும். அவற்றைச் சிறியதாக இருக்கும்போதே பிடித்தால் ஒன்றிரண்டு வளையத்தில் முடிந்துவிடும். வராமல் போகிறவர்கள் அதிகம் இந்தக் கட்டத்தில்தான். எனக்கு மிகவும் கவலை தருவதும் இதுதான்.

பேண்டிங் போட்டாச்சே, அப்புறம் மாத்திரை எதுக்கு? மெடிக்கல்ல கேட்டா பி.பி. மாத்திரைன்னு சொல்றாங்க.

மருந்துக்கடைக்காரர் சொன்னது உண்மைதான். ப்ரோப்ரனலால், கார்வெடிலால் இரண்டும் ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரப்படும் மாத்திரைகள். இங்கே அவற்றைத் தருவது கையில் பட்டை கட்டிப் பார்க்கும் பி.பி.க்காக இல்லை, போர்ட்டல் அழுத்தத்துக்காக. இதயம் மெதுவாகத் துடிப்பதால் வெளியே போகும் ரத்தம் குறைகிறது. குடலுக்குப் போகும் தமனிகளும் சுருங்குகின்றன. ஆக, கல்லீரலின் வாசலுக்கு வந்து சேரும் ரத்தமே குறைகிறது. கார்வெடிலால் இவற்றோடு கல்லீரலுக்குள் இருக்கும் நாளங்களையும் சற்றுத் தளர்த்துகிறது. ப்ரோப்ரனலால் இப்படி மறுபடி ரத்தம் வராமல் தடுக்கிறது என்பதை 1981-ல் பிரான்ஸில் லெப்ரெக் என்ற மருத்துவரும் அவர் குழுவினரும் காட்டினார்கள்.

பேண்டிங் புடைத்த நாளங்களை மூடுகிறது, ஆனால் அழுத்தத்தைத் தொடுவதில்லை. மாத்திரை அழுத்தத்தைக் குறைக்கிறது, ஆனால் ஏற்கனவே புடைத்த நாளங்களை உடனே மூடாது. அழுத்தம் 12-க்குக் கீழே இறங்கினாலோ, முன்பு இருந்ததில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தாலோ மறுபடி ரத்தம் வரும் வாய்ப்பு நன்றாகக் குறைகிறது. ஒருமுறை ரத்தம் வந்தவர்களுக்கு இரண்டில் ஒன்றை மட்டும் செய்வதைவிட இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் பலன் அதிகம்.

மாத்திரையை எப்படி ஏத்துவாங்க? ஒவ்வொரு தடவையும் மாத்தி எழுதறாங்களே?

ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். 50 வயது ஆண், மதுவால் வந்த சிரோசிஸ், வயிற்றில் நீர் இல்லை என்று வைத்துக்கொள்வோம். ரத்தவாந்தியோடு வருகிறார். அன்று இரவே ஆறு வளையம் போடுகிறார்கள். போர்ட்டல் அழுத்தத்தைக் குறைக்கச் சொட்டு மருந்தாகப் போகும் டெர்லிப்ரெசின் நிற்கும்வரை மாத்திரை தொடங்குவதில்லை. ஐந்தாம் நாள் அது நின்றதும், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 88, பி.பி.யில் மேல் எண் 118 இருக்கும்போது ப்ரோப்ரனலால் 20 மி.கி. காலையும் இரவும் தொடங்குகிறார்கள். சில நாளில் துடிப்பு 76. அளவு வேளைக்கு 40 மி.கி. ஆகிறது. அடுத்த வாரம் துடிப்பு 66, பி.பி. 108. இன்னும் இடம் இருப்பதால் வேளைக்கு 60 மி.கி. ஆக்குகிறார்கள். துடிப்பு 58-ல் நிற்கிறது, பி.பி. 102. அங்கேயே நிறுத்திக்கொள்கிறார்கள். துடிப்பு 55-க்கும் 60-க்கும் இடையில், பி.பி. மேல் எண் 90-க்குக் குறையாமல் என்பதுதான் இலக்கு. இதற்குள் மூன்றாம் வாரம் நான்கு வளையம், ஆறாம் வாரம் இரண்டு வளையம் போட்டு, ஒன்பதாம் வாரம் பார்க்கும்போது நாளங்கள் இல்லை. மாத்திரை மட்டும் தொடர்கிறது.

கார்வெடிலால் என்றால் கணக்கு எளிது. 6.25 மி.கி.யில் தொடங்கி, தாங்கினால் 12.5 மி.கி.க்கு ஏற்றி அங்கேயே நிறுத்துவார்கள். அதில் துடிப்பைவிட பி.பி.தான் அளவுகோல். எந்த மாத்திரையாக இருந்தாலும் வீட்டில் காலையில் எழுந்ததும், மாத்திரை போடும் முன் மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணி ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அளவை மாற்றும்போது அந்த நோட்டு எங்களுக்கு மிகவும் உதவும்.

அப்பா ஏற்கனவே அட்டெனலால் சாப்பிடறார். அதுவும் அதே வகைதானே, போதாதா?

போதாது. அட்டெனலால், மெட்டோப்ரலால் இரண்டும் முக்கியமாக இதயத்தில் வேலை செய்பவை. குடல் தமனிகளைச் சுருக்கும் வேலை அவற்றால் நடக்காது, நமக்கு வேண்டியதோ அதுதான். பழைய மாத்திரையோடு புதியதையும் சேர்த்துப் போட்டால் துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். பழைய சீட்டைக் கட்டாயம் கொண்டுவந்து காட்டுங்கள். எதை நிறுத்தி எதைத் தருவது என்பதை டாக்டர் முடிவு செய்வார்.

ஆஸ்துமா இருந்தா?

இந்த மாத்திரைகள் மூச்சுக்குழாயையும் சுருக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இவற்றைத் தருவதில்லை. பேண்டிங்கை மட்டும் விடாமல் தொடர்வார்கள்.

மாத்திரை போட்டதுல இருந்து ஒரே அசதி. ரத்தமும் வரல, நிறுத்திடலாமா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று விட்டால் அடக்கி வைத்திருந்த அழுத்தம் வேகமாகத் திரும்பும், அந்த நாட்களில் ரத்தக்கசிவு வரலாம். மாத்திரை தீர்ந்துபோய் "அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளலாம்" என்று விடுவதும் இதே கணக்குதான். அசதி, கை கால் குளிர்ச்சி, எழுந்ததும் தலைசுற்றல் ஆகியவை தொடக்கத்தில் நிறையப் பேருக்கு வரும். அளவைக் குறைத்தோ, மாத்திரையை மாற்றியோ பெரும்பாலும் சரிசெய்துவிடலாம்.

சர்க்கரைக்கு இன்சுலின் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சர்க்கரை திடீரென்று இறங்கும்போது வரும் படபடப்பை இந்த மாத்திரை மறைத்துவிடும். வியர்வை மட்டும்தான் தெரியும்.

இப்போ வயித்துல தண்ணி கோர்த்திருக்கு. டாக்டரே மாத்திரையை நிறுத்தச் சொல்லிட்டார். இதுவரைக்கும் விடாதேன்னுதானே சொன்னீங்க?

நியாயமான குழப்பம். வயிற்றில் நீர் கோர்த்ததற்காக மட்டும் மாத்திரையை நிறுத்துவதில்லை. ஆனால் நோய் முற்றும்போது உடம்பு ரத்த ஓட்டத்தைத் தக்கவைக்கவே இதயத்தின் வேகத்தை நம்பியிருக்கும். அப்போது இந்த மாத்திரை பி.பி.யை இன்னும் இறக்கி, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையும் குறைத்துவிடும். பி.பி. மேல் எண் 90-க்குக் கீழே போனாலோ, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ஏறினாலோ, சோடியம் மிகவும் குறைந்தாலோ, கிருமித்தொற்று, வயிற்றுப்போக்கு என்று படுத்துவிட்டாலோ குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள்.

மேலே சொன்ன உதாரணத்தில் வந்தவருக்கே எட்டாம் மாதம் வயிற்றுப்போக்கு வந்து பி.பி. 86 ஆகிறது என்றால், மாத்திரையை நிறுத்திவிட்டு, பி.பி.யும் சிறுநீரகமும் தேறிய பின் மறுபடி 20 மி.கி.யிலிருந்து மெதுவாகத் தொடங்குவார்கள். திரும்பத் தொடங்கவே முடியாதவர்களுக்கு எண்டோஸ்கோபி இடைவெளியை நெருக்கமாக வைக்க வேண்டியிருக்கும்.

காரம் சாப்பிட்டதாலதான் வெடிச்சுதுன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க. உண்மையா?

இல்லை. நாளம் வெடிப்பது உள்ளிருக்கும் அழுத்தத்தாலும் சுவர் மெலிவதாலும்தான். காரத்தைக் குறைத்ததால் மட்டும் யாரும் தப்பிவிடுவதில்லை. பேண்டிங் போட்ட பிறகு அந்த ஒரு வாரம் மட்டும் கவனமாக இருந்தால் போதும். பத்தியம் என்று பருப்பு, முட்டை, தயிர் எல்லாவற்றையும் நிறுத்தி வெறும் கஞ்சியிலேயே வைத்திருப்பதுதான் பெரிய தீங்கு. சிரோசிஸில் தசை கரைந்துகொண்டே போகும். உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தினமும் தேவை. இரவு படுக்கும் முன்பும் ஏதாவது சாப்பிடுவது நல்லது. வயிற்றில் நீர் இருந்தால் குறைக்க வேண்டியது உப்பு.

உண்மையிலேயே தள்ளி வைக்க வேண்டியது வலி மாத்திரைகள். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்றவை இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை செட்டில் பெரும்பாலும் இவற்றில் ஒன்று இருக்கும். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் போடலாம், ஆனால் ஒரு நாளைக்கு மொத்தம் 2 கிராமைத் தாண்டக் கூடாது.

மலம் கருப்பா போகுது. சத்து மாத்திரையால இருக்குமோ?

இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரையால் கருக்கும் மலம் கெட்டியாக, கரும்பச்சையாக இருக்கும். ரத்தம் கலந்த மலம் தார் போலப் பளபளப்பாக, பிசுபிசுவென்று ஒட்டும், நாற்றமும் வழக்கமானதாக இருக்காது. சந்தேகமாக இருந்தால் ரத்தம் என்றே வைத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கூடவே தலைசுற்றல், படபடப்பு, வியர்வை, திடீர்க் குழப்பமான பேச்சு, அல்லது ரத்தவாந்தி, காபித்தூள் நிறத்தில் வாந்தி என்று எது இருந்தாலும் காத்திருக்கவே வேண்டாம். தமிழ்நாட்டில் 108-ஐ அழையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாய்வழியாக எதுவும் கொடுக்க வேண்டாம். அன்றைய ப்ரோப்ரனலாலையும் கொடுக்காதீர்கள், அது ரத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது பி.பி.யை இறக்கும்.

போய்ச் சேர்ந்ததும் முதல் வார்த்தையாக "சிரோசிஸ், முன்பு பேண்டிங் போட்டிருக்கிறோம்" என்று சொல்லுங்கள். அழுத்தத்தைக் குறைக்கும் ஊசியையும் ஆன்டிபயாட்டிக்கையும் எண்டோஸ்கோபிக்கு முன்பே தொடங்கிவிட முடியும். கடைசி எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டைக் கைபேசியில் படமெடுத்து வைத்திருங்கள்.

குடியை விட்டா இந்த நாளங்கள் தானா சுருங்குமா?

மதுதான் காரணம் என்றால், முழுதாக விட்டவர்களில் பலருக்கு மாதங்கள் போகப்போக கல்லீரல் வீக்கம் வடிந்து, அழுத்தமும் இறங்குகிறது. அதேபோல ஹெபடைடிஸ் பி, சி வைரஸுக்கு மருந்து எடுத்தால் அழுத்தம் குறைவதைப் பார்க்கிறோம். ஆனால் அது மெதுவாக நடக்கும். முதலில் சொன்ன ஆபத்தான ஆறு வாரத்துக்கு அது கைகொடுக்காது. அதனால் பேண்டிங்கும் மாத்திரையும் கூடவே நடக்க வேண்டும். "கொஞ்சமாக பீர் மட்டும்" என்று தொடர்ந்தால் அழுத்தம் இறங்கவே இறங்காது.

எல்லாம் ஒழுங்கா செஞ்சும் மறுபடி ரத்தம் வந்தா என்ன வழி?

முதலில் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பார்கள். பேண்டிங் புண்ணா, புதிதாகப் புடைத்த நாளமா, அல்லது இரைப்பையில் இருக்கும் நாளமா என்பதைப் பொறுத்துச் சிகிச்சை மாறும். இரைப்பையின் மேல்பகுதியில் இருக்கும் பெரிய நாளங்களுக்கு வளையம் சரியாகப் பிடிக்காது. அவற்றுக்குள் ஊசி வழியாகப் பசை மருந்தைச் செலுத்தி அடைப்பார்கள்.

பேண்டிங்கும் மாத்திரையும் சேர்ந்தே தோற்றால் அடுத்த படி டிப்ஸ் என்ற சிகிச்சை. கழுத்துச் சிரை வழியாக உள்ளே போய், கல்லீரலுக்குள்ளேயே போர்ட்டல் சிரைக்கும் வெளியேறும் சிரைக்கும் நடுவில் ஒரு கம்பிவலைக் குழாயைப் பொருத்துவார்கள். அழுத்தம் அங்கேயே இறங்கிவிடும். ஆனால் கல்லீரலில் சுத்தமாகாத ரத்தம் நேராகப் போவதால் சிலருக்கு மூளைக்குழப்பம் வரும். மஞ்சள் காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின் மிக அதிகமாக இருப்பவர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் இது ஒத்துவராது. அவர்களில் தகுதியானவர்களை மாற்றுக் கல்லீரல் சிகிச்சைக்குப் பதிவு செய்வார்கள். அந்தப் பேச்சை இரண்டாவது ரத்தக்கசிவு வரை தள்ளிப்போடாமல், முதல் முறை வீடு திரும்பும்போதே டாக்டரிடம் தொடங்கிவிடுங்கள். பரிசோதனைகளுக்கும், கொடையாளர் விஷயத்தில் குடும்பம் ஒரு முடிவுக்கு வருவதற்கும் மாதக்கணக்கில் ஆகும்.